கேமரா குலுங்காமல் வீட்டைச் சுற்றி வர நான் பட்ட பாடு

நாற்பது மணி நேர ரெண்டர் வீணாய்ப் போன பிறகுதான் இதை எழுதுகிறேன். 600 ஃபிரேம், ஃபிரேமுக்கு நான்கு நிமிடம், கணக்குச் சரிதான். வாடிக்கையாளர் வீடியோவைப் பார்த்துவிட்டு, "தாழ்வாரத்துல வண்டியில போற மாதிரி இருக்கு, வாசல்ல வந்து அப்படியே நின்னுடுது" என்றார். அவர் சொன்னது அப்பட்டமான உண்மை.

3ds Max-இல் ஸ்ப்லைன் வரைவது, கேமரா அந்தக் கோட்டின் வழியே ஓட Path Constraint கொடுப்பது எல்லாம் பத்து நிமிட வேலை. என் பாதையில் பத்துத் துண்டுகள் இருந்தன. நீளமான தாழ்வாரம் 12 மீட்டர், அது ஒரே துண்டு. வாசல் வளைவை அழகாக்க நினைத்து அங்கே புள்ளிகளை நெருக்கி வைத்ததால் மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் அரை மீட்டர். `Constant Velocity` டிக் இல்லாவிட்டால் வேகம் புள்ளிகளின் இடைவெளியைப் பொறுத்து மாறும். என் பாதையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஏறத்தாழ 60 ஃபிரேம் கிடைத்திருக்கிறது. அதாவது நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் 2.4 நொடியில் தாழ்வாரத்தை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பறந்து முடித்து, வாசலில் நொடிக்கு 20 சென்டிமீட்டராக ஊர்ந்திருக்கிறது கேமரா. அந்தப் பெட்டியை டிக் செய்யாதது என் தப்பு.

இதை ரெண்டருக்கு முன்பே பிடித்திருக்கலாம். வியூபோர்ட்டில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியானேன். கனமான சீனில் அது ஃபிரேம்களைத் தவிர்த்துவிட்டு ஓடும் என்பதை மறந்துவிட்டேன். நம்ப வேண்டியது இரண்டை: குறைந்த தரத்தில் எல்லா ஃபிரேமும் உள்ள ஒரு பிரிவியூ, அப்புறம் கேமராவின் நகர்வுப் பாதையைக் காட்டும் புள்ளிகள். புள்ளிகள் ஓரிடத்தில் அடர்ந்து, இன்னோரிடத்தில் சிதறிக் கிடந்தால் அங்கேதான் கோளாறு.

டிக் செய்ததும் வேகம் சமமானது. ஆனால் தொடக்கமும் முடிவும் சுவரில் மோதியது போல இருந்தன. கேமரா பாதையில் எத்தனை சதவீதம் கடந்தது என்று சொல்லும் தடம் Linear Float-இல் இருந்தது, வேகத்தை மெல்ல ஏற்றி இறக்க அதில் கைப்பிடியே கிடையாது. Bezier Float-ஆக மாற்றினேன். அடுத்த முட்டாள்தனம்: ஹாலில் கொஞ்சம் மெதுவாகப் போகட்டும் என்று நடுவில் மூன்று கீ போட்டு, எல்லாவற்றுக்கும் கைப்பிடியைப் படுக்கையாக வைத்தேன். கேமரா மூன்று இடத்தில் நின்று நின்று போனது. படுக்கையான கைப்பிடி என்றால் அந்த ஃபிரேமில் வேகம் பூஜ்யம், வேறென்ன.

கடைசியில் கீயையெல்லாம் அழித்துவிட்டு, தாளில் கணக்குப் போட்டேன். பாதை 36 மீட்டர், நேரம் 24 நொடி. முதல் 3 நொடி வேகம் ஏறணும், கடைசி 3 நொடி இறங்கணும், நடுவில் மாறக் கூடாது. ஏறும் 3 நொடியும் இறங்கும் 3 நொடியும் சராசரியாகப் பாதி வேகம், சேர்த்தால் முழு வேகத்தில் 3 நொடிக்குச் சமம் என்பதால் 36-ஐ 21-ஆல் வகுத்தால் நடு வேகம் நொடிக்கு 1.71 மீட்டர். முதல் 3 நொடியில் கடப்பது 2.57 மீட்டர், அதாவது 7.14 சதவீதம். ஆக நான்கே கீ:

```
ஃபிரேம்    0     0
ஃபிரேம்   75     7.14
ஃபிரேம்  525    92.86
ஃபிரேம்  600   100
```

இரு முனைகளிலும் கைப்பிடி படுக்கை. நடுவிலுள்ள இரண்டு கீயிலும் கைப்பிடி அந்த நேர்கோட்டின் சாய்விலேயே இருபுறமும் நீளணும். கொஞ்சம் விலகினாலும் அந்த இடத்தில் ஒரு உதறல் தெரியும்.

அப்படியும் வாசலில் ஒரு வெட்டு இருந்தது. நகர்வுப் பாதையின் புள்ளிகள் சமமாக இருக்க, எங்கே குற்றம் என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். நகர்வில் இல்லை, திரும்புவதில் இருந்தது. வளைவின் ஆரம் அரை மீட்டர். அந்த வேகத்தில் 90 டிகிரியை அரை நொடிக்குள் திரும்பிவிடுகிறது. ஆரத்தை 2 மீட்டராக்கினேன், ஏறக்குறைய 1.8 நொடி கிடைத்தது. (ஆரத்தை மாற்றினால் பாதை நீளமும் மாறும். மேலே சொன்ன 36 மீட்டர் மாற்றிய பிறகு அளந்தது.) கேமராவைப் பாதையின் திசைக்கே திருப்பும் `Follow`-ஐ எடுத்துவிட்டு, அதே பாதையின் நகலை எடுத்து முன்பக்கம் 2 மீட்டர் வெட்டி, கடைசியில் 2 மீட்டர் நீட்டி, அதில் கேமரா பார்க்கும் டார்கெட்டை அதே நான்கு கீயோடு ஓடவிட்டேன். டார்கெட் எப்போதும் 2 மீட்டர் முன்னே போவதால் கேமரா வளைவுக்கு வரும் முன்பே மெல்லத் திரும்பத் தொடங்குகிறது.

இரண்டாவது ரெண்டர் தேறிவிட்டது. எனக்கு மட்டும் தாழ்வாரம் இன்னும் வேகமாகத் தோன்றுகிறது. அங்கே கேமராவுக்கும் சுவருக்கும் ஒரு மீட்டர் தூரம்கூட இல்லை, பக்கத்துப் பொருள் வேகமாக ஓடத்தான் செய்யும். 24 நொடிக்குப் பதில் 28 கேட்டிருக்கணும்.