பத்து லட்ச ரூபாய் பில்லும் இரண்டு வழிகளும்

கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவருக்கு நான் கணக்கு பார்க்கிறேன். அவர் உதிரிபாகம் செய்து கொடுக்கும் பம்ப் நிறுவனம் பில் பணத்தை 90 நாள் கழித்தே தருகிறது. சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அதைச் சொல்லிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வருமா என்ற பயம் அவருக்கு. காத்திருந்து சலித்துப்போன நிலையில், பில்லுக்கான பணத்தை முன்கூட்டியே தரும் பில் டிஸ்கவுண்டிங் திட்டம் பற்றி ஒரு நிதி நிறுவனம் அனுப்பிய கடிதத்தோடு என்னிடம் வந்தார்.

"மாசம் ஒன்றரை சதவீதம்தானே, கையெழுத்துப் போட்டுரலாமா?" என்று கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்து லட்ச ரூபாய் பில்லுக்கு எட்டு லட்சம்தான் முன்பணம். வட்டியோ முழுப் பத்து லட்சத்துக்கும். மூன்று மாத வட்டி 45,000, செயல்முறைக் கட்டணம் 5,000, இரண்டையும் முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். ஆக, கைக்கு வரும் 7,50,000 ரூபாய்க்கு மூன்று மாதச் செலவு 50,000. ஆண்டுக்கு ஏறக்குறைய 27 சதவீதம். அதைவிட முக்கியமான வரி கடைசிப் பக்கத்தில் இருந்தது: வாங்குபவர் பணம் தராவிட்டால் நண்பர்தான் திருப்பிக் கட்ட வேண்டும். அதாவது இது பில்லை விற்பதன்று, பில்லைக் காட்டி வாங்கும் கடன்.

ஃபேக்டரிங் என்பது பில்லையே விற்றுவிடுவது. சிறு நிறுவனங்களின் பில்களை வங்கிகள் ஏலத்தில் வாங்கும், ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற ட்ரெட்ஸ் இணையத் தளங்களில் அது நடக்கிறது; அங்கே வாங்குபவர் பணம் தராவிட்டாலும் விற்றவரிடம் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் வாங்கும் நிறுவனமும் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். நல்ல வேளையாக, இவர்களுடையது பதிந்திருந்தது. சிறு தொழில் பதிவுக்கான உத்யம் சான்று, ஜிஎஸ்டி, வங்கி ஆவணங்களைக் கொடுத்துப் பதிந்து, பில்லை ஏற்றினோம்.

அதன்பின் ஒன்றும் நகரவில்லை. வாங்குபவரின் கணக்குப் பிரிவு பில்லை ஏற்றால்தான் வங்கிகள் ஏலம் கேட்கும். அவர்களோ சரக்குத் தரச் சோதனை முடியட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். நண்பர் நேரில் போய்ச் சரக்கு வரவுச் சீட்டை வாங்கிக் கொடுத்த பிறகே ஏற்பு வந்தது. தாமதம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஏலத்தில் வந்த குறைந்த வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம். வட்டியை விற்பவரே ஏற்கும் ஏற்பாடு என்பதால், 90 நாளுக்குச் சுமார் 22,200 ரூபாயும் தளக் கட்டணமும் கழிந்தன. மீதிப் பணம் ஓரிரு வேலை நாளில் கணக்கில் ஏறியது. தவணை நாளில் அந்த வங்கி தன் பணத்தை நேராக பம்ப் நிறுவனத்தின் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

ஒரு சிக்கலை மட்டும் முன்னதாகவே தீர்த்திருந்தோம். நண்பரின் வரவேண்டிய பில்கள் யாவும் வரம்புக்குள் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் அவருடைய கேஷ் கிரெடிட் கடனுக்காக வங்கியில் ஏற்கெனவே அடமானமாக இருந்தன. அந்த வங்கியின் ஆட்சேபணையின்மைக் கடிதம் இல்லாமல் அவற்றை வேறு யாருக்கும் விற்க முடியாது. மேலாளர் அதைத் தந்தார்; கூடவே, விற்ற பில்களைக் கழித்து கேஷ் கிரெடிட் வரம்பையும் குறைத்தார்.