3 மீட்டர் ஸ்பேனுக்கு ரிப் ஸ்லாப்: பிளாக் எண்ணிக்கையும் காங்கிரீட் கணக்கும், போட்டுப் பார்த்த பிறகு

ஒர்க்‌ஷாப் ரூமுக்கு மேல ரிப் ஸ்லாப், அதாவது ஹாலோ பிளாக் வரிசைகளுக்கு நடுவுல காங்கிரீட் ரிப் ஓடுற ஸ்லாப், போட்டு முடிச்சு ஒரு மாசம் ஆச்சு, முட்டு எல்லாம் எடுத்தாச்சு, இப்பதான் நோட்டுல கிறுக்கி வெச்ச கணக்க ஒழுங்கா எழுத நேரம் கிடைச்சுது. ரூம் உள் அளவு 3 மீட்டருக்கு 6 மீட்டர், சுவர் மேல ஸ்லாப் நாலு பக்கமும் 150 மி.மீ. உக்காருது, அப்ப ஸ்லாபோட மொத்த அளவு 3.3 × 6.3, அதாவது 20.79 சதுர மீட்டர். நீளம் அகலத்த விட ரெண்டு மடங்குங்கிறதால லோடு எல்லாம் 3 மீட்டர் பக்கமாதான் போகும், ரிப்பும் அந்தப் பக்கமாதான் ஓடணும். அதுல குழப்பம் இல்ல.

பிளாக் 400 × 200 × 150 ஹாலோ பிளாக். சுவர்ல நிக்க வைக்கிற மாதிரி இல்லாம படுக்க வெச்சேன், 150 உயரம், ரிப்புக்கு குறுக்க 400, ரிப் ஓடுற பக்கம் 200. ரெண்டு வரிசைக்கு நடுவுல 100 மி.மீ. இடம், அதுதான் ரிப். மேல 50 மி.மீ. டாப்பிங். ஆக மொத்த கனம் 200.

இப்ப நான் முதல்ல போட்ட தப்புக் கணக்க சொல்றேன், ஏன்னா இதே கணக்கதான் நிறைய பேர் போடுறாங்க. ஒரு ரிப்புல இருந்து அடுத்த ரிப்புக்கு 500, பிளாக் நீளம் 200, அப்ப ஒரு பிளாக்குக்கு 0.1 சதுர மீட்டர். 20.79-ஐ 0.1-ஆல வகுத்தா 208 பிளாக். ஒரு பிளாக்கோட கன அளவு 0.012 கன மீட்டர், 208 பிளாக் சேந்து கிட்டத்தட்ட 2.5 கன மீட்டர் இடத்த அடைச்சுக்குது, 200 கன சாலிட் ஸ்லாப் 4.16, அதுல இத கழிச்சா 1.66 கன மீட்டர் காங்கிரீட் போதும்னு வருது. அறுபது பர்சென்ட் மிச்சம்! நோட்டுல ரெண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டு வெச்சிருந்தேன்.

நல்லவேளை ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி செண்ட்ரிங் தட்டு அளவுக்கு தரையில சாக்பீஸ்ல கோடு கிழிச்சுப் பார்த்தேன். பிளாக் சுவர் மேல வரக்கூடாது, அங்க முழு காங்கிரீட்தான் உக்காரணும். சுவர் முகத்துல இருந்து இன்னும் 100 மி.மீ. உள்ள வரைக்கும் பிளாக் இல்லாம சாலிடா விட்டேன். அப்ப 3 மீட்டர்ல மிஞ்சுறது 2.8 மீட்டர், சரியா 14 பிளாக். இன்னொரு பக்கம் 12 வரிசை பிளாக் 4.8 மீட்டர், நடுவுல 11 ரிப் 1.1 மீட்டர், மொத்தம் 5.9, ரெண்டு ஓரத்துலயும் 50-50 மிச்சம். பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு பதினாலு, 168 பிளாக். 208 இல்ல.

அந்த நாப்பது பிளாக் வித்தியாசம் ரெண்டு பக்கமும் அடிக்கும்ங்கிறதுதான் விஷயம். பிளாக் நாப்பது அதிகமா வந்து இறங்கியிருக்கும், அதே நாப்பது பிளாக் அளவுக்கு, அதாவது 0.48 கன மீட்டர், காங்கிரீட் பத்தாம போயிருக்கும். ஸ்லாப் பாதியில நிக்கும், திட்டம் போடாத இடத்துல ஜாயின்ட் விழும், அது ரொம்ப மோசம். 168 பிளாக்க கழிச்சா வேணும்கிற காங்கிரீட் 2.14 கன மீட்டர். சரியா இருக்கானு இன்னொரு வழியிலயும் கூட்டிப் பார்த்தேன்: பிளாக் பரப்புக்கு மேல டாப்பிங் 0.83, பதினோரு ரிப் 0.46, ரெண்டு முனை சாலிட் பட்டை 0.63, பக்கவாட்டு ஓரம் 0.22. அதே 2.14. கண்ணுக்கு சின்னதா தெரியுற முனைப் பட்டை மட்டும் எல்லா ரிப்பையும் சேத்தத விட அதிகம் குடிக்குது பாருங்க.

மேஸ்திரி வந்து பார்த்துட்டு, "தம்பி, முனையில ரெண்டு பக்கமும் 100, 100 சும்மா விட்டிருக்கீங்க, வரிசைக்கு இன்னொரு பிளாக் சொருகலாமே"னு கேட்டார். அளவு கச்சிதமா பொருந்தும்தான், 15 பிளாக் 3 மீட்டர். ஆனா அதுல மிச்சமாகுறது 12 பிளாக், 0.14 கன மீட்டர் மட்டும். ஷியர், அதாவது வெட்டு விசை, அதிகமா இருக்கிறது சுவர் முகத்துகிட்டதான், அங்க ரிப் அகலம் வெறும் 100, பிளாக் கொஞ்சம் நகந்தா 85 ஆயிடும். அந்த இடத்துல ரிப்ப சாலிட் பட்டையில முடிக்கிறதுதான் நல்லதுண்ணேன்னு சொன்னேன். அவர் மறுபடி கேக்கல, ரிப்புக்குள்ள விட 100 மி.மீ. மரத்துண்டு நாலு வெட்டிக் கொடுத்தார், அத வெச்சுதான் வரிசை எல்லாம் நேரா நிறுத்தினோம்.

இப்ப சாலிட் ஸ்லாப்போட கம்பேர் பண்றது. 200 ரிப்ப 200 சாலிடோட ஒப்பிட்டா 48 பர்சென்ட் மிச்சம்னு வரும், ஆனா அந்த ஒப்பீடே தப்பு, இந்த ஸ்பேனுக்கு யாரும் 200 சாலிட் போட மாட்டாங்க. அமெரிக்க காங்கிரீட் விதி ஏசிஐ 318-ல ரெண்டு முனையும் சும்மா சுவர்ல உக்காந்திருக்கிற ஒன்-வே ஸ்லாப்புக்கு, தொய்வு கணக்கு தனியா போடலன்னா, குறைஞ்ச கனம் சாலிடுக்கு ஸ்பேன்/20, ரிப் ஸ்லாப்புக்கு ஸ்பேன்/16. என் ஸ்பேன் பேரிங் நடுவுல இருந்து நடு வரைக்கும் 3.15 மீட்டர். சாலிடுக்கு 158, அதாவது 160 மி.மீ. ரிப்புக்கு 197, அதாவது 200. ரிப் ஸ்லாப் எப்பவுமே கால் பங்கு கூடுதல் கனத்தோடதான் ஆரம்பிக்குது, அத மறந்துட்டு மிச்சம் பேசக்கூடாது. 160 சாலிட் 3.33 கன மீட்டர், ரிப் 2.14, நிஜ மிச்சம் 1.18 கன மீட்டர், 35 பர்சென்ட் சொச்சம். அறுபதுல ஆரம்பிச்சு இங்க வந்து நின்னாலும் எனக்கு இது பெரிய மிச்சம்தான். 1:1½:3 கலவையில 50 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய 0.125 கன மீட்டர் வரும், சாலிடுக்கு 27 மூட்டை, ரிப்புக்கு 17 சொச்சம்.

எடைதான் என்னை யோசிக்க வெச்சுது. பத்து பிளாக்க தராசுல வெச்சு சராசரி எடுத்தேன், 14.5 கிலோ. 168 பிளாக் 2,436 கிலோ. கம்பியோட சேத்து காங்கிரீட் கன மீட்டருக்கு 2,500 கிலோன்னு வெச்சா 5,355 கிலோ. கூட்டினா கிட்டத்தட்ட 7.8 டன். 160 சாலிட் 8.3 டன். காங்கிரீட் மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சும் எடை அரை டன்தான் குறையுது! ஏன்னா எடுத்த காங்கிரீட்டுக்குப் பதிலா வெச்சதும் காங்கிரீட் பிளாக்தான். எடை குறையணும்னா தெர்மாகோல் மாதிரி லேசான ஃபில்லர்தான் வைக்கணும், அப்ப பிளாக் எடை கிட்டத்தட்ட முழுசா போயிடும், ஆனா அது காங்கிரீட் ஊத்தும்போது மிதந்து மேல வரும், கட்டி வைக்கணும். நம்ம பிளாக்குல உண்மையான லாபம் சிமெண்ட்லயும் கம்பியிலயும்தான். மேல இருந்து கம்பி நடு வரைக்கும் ஆழம் சாலிட்ல 135, ரிப்ல 170, அதனால மெயின் கம்பி ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சுது.

பிளாக் 176 வாங்கினேன், அஞ்சு பர்சென்ட் சேதாரம்னு வெச்சு. இறக்கும்போது மூணு, அடுக்கும்போது காலுக்கடியில ரெண்டு உடைஞ்சுது. வாங்குறதுக்கு முன்னாடி டேப்ப வெச்சு அளந்துடுங்க, இது முக்கியம். 400-னு பேர் சொல்லிட்டு நிஜத்துல 390 × 190 × 140 இருக்கிற பிளாக் உண்டு, பூச்சு ஜாயின்ட்டுக்கு 10 மி.மீ. விட்டு செஞ்சது. என் ஸ்லாப்ல அந்த பிளாக் 168 வெச்சிருந்தா எண்ணிக்கை அப்படியே இருந்திருக்கும், காங்கிரீட் மட்டும் 0.27 கன மீட்டர் கூடியிருக்கும், ரெண்டு மூட்டைக்கு மேல.

ஊத்தின அன்னிக்கு கணக்குப்படி 17 மூட்டை சொச்சம் போகணும், போனது 19, அதாவது 2.38 கன மீட்டர். எங்க போச்சுனு தேடினேன். ஊத்தி மட்டம் அடிச்ச உடனே பிளாக் மேல இருபது இடத்துல கம்பி குத்தி டாப்பிங் ஆழம் பார்த்தேன், சராசரி 57 வந்துச்சு. ஏழு மி.மீ. தானேன்னு தோணும், 20.79 சதுர மீட்டருக்கு அது 0.15 கன மீட்டர். இன்னொன்னு, பிளாக்கோட ஓட்டை ரிப் பக்கம் பார்க்காது, வரிசை நீளத்துக்கு ஓடும், அதனால ஒவ்வொரு வரிசை முனையிலயும் ரெண்டு ஓட்டை சாலிட் பட்டைய பார்த்து வாயத் தொறந்துகிட்டு நிக்கும். 12 வரிசை, 2 முனை, மொத்தம் 48 ஓட்டை. சிமெண்ட் மூட்டை காகிதத்த கசக்கி அடைச்சிருந்தேன், வைப்ரேட்டர் வெச்சதும் காகிதம் உள்ள போயிடுச்சு. முனைப் பட்டையில மட்டும் ஊத்தின மட்டம் திரும்பத் திரும்ப இறங்குறத பார்த்துதான் புரிஞ்சுது. ஓட்டைக்கு ஒரு சாண்ல பாதி போயிருந்தாலே 0.06 கன மீட்டர் ஆயிடும். மிச்சம் சிந்தினது. முந்தின நாளே அந்த 24 பிளாக்க மட்டும் தனியா எடுத்து ஒரு பக்கம் கலவை வெச்சு அடைச்சு காய விட்டிருக்கணும். (பிளாக்க தண்ணி ஊத்தி நனைச்சது மட்டும் சரியா செஞ்சேன், காஞ்ச பிளாக் ரிப்புல இருக்கிற தண்ணிய உறிஞ்சிடும், ரிப் சின்னதுங்கிறதால உடனே கெட்டியாகி அடியில தேன்கூடு விழும்.)

முட்டு எடுத்தப்ப அடியில ஒரே ஒரு ரிப்ல கையளவு தேன்கூடு, கம்பி வெளிய தெரியல, அத கொத்தி பூசியாச்சு. மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு.

அடுத்தது பக்கத்துல இருக்கிற ஸ்டோர் ரூம், உள் அளவு 2 மீட்டருக்கு 6. இதே பிளாக்க வெச்சு அதே மாதிரி போடலாம்னுதான் நெனச்சேன், கணக்கு வேற மாதிரி வந்துடுச்சு. ஸ்பேன் 2.15, சாலிடுக்கு 110 மி.மீ. போதும், ஸ்லாப் அளவு 2.3 × 6.3, காங்கிரீட் 1.59 கன மீட்டர். ரிப்புக்கு ஸ்பேன்/16 போட்டா 135 மி.மீ. போதும்னு வருது, ஆனா பிளாக்கே 150, டாப்பிங் 50, 200-க்கு கீழ இறங்க முடியாது. வரிசைக்கு 9 பிளாக், மொத்தம் 108, அத கழிச்சும் காங்கிரீட் 1.60 கன மீட்டர். சாலிட்ல ஆகுற அதே காங்கிரீட், அதுக்கு மேல 108 பிளாக் தண்டம். இடையில 2.6 மீட்டர் ரூமா இருந்திருந்தா நாலுல ஒரு பங்கு மிச்சமாகியிருக்கும், அதையும் போட்டுப் பார்த்தேன். ஸ்டோர் ரூமுக்கு 110 சாலிட்தான், அடுத்த வாரம் செண்ட்ரிங் அடிக்கிறோம்.