ஷீட்ஸ் டெம்ப்ளேட் விற்பனையும் காணாமற்போன பிப்ரவரி வரவும்

தனியாகத் தொழில் செய்யும் நான், யாருக்கு இன்வாய்ஸ் அனுப்பினேன், எந்தத் தொகை வந்து சேர்ந்தது, எது கெடு கடந்தும் வரவில்லை என்று பார்த்துக்கொள்ள கூகுள் ஷீட்ஸில் ஒரு கோப்பு வைத்திருந்தேன். அதே வேலையில் உள்ள நண்பர்கள் இருவர் அதன் பிரதியைக் கேட்டபோதுதான், இதை டெம்ப்ளேட்டாக விற்கலாம் என்று தோன்றியது.

எனக்காகச் செய்த கோப்பை அப்படியே விற்க முடியவில்லை. அதில் பதினான்கு தாள்கள் இருந்தன. அவற்றில் பாதி என் பழக்கங்களுக்கு மட்டுமே பொருந்துபவை. வாங்குபவர் உண்மையில் கேட்கும் கேள்விகள் இரண்டே: இந்த மாதம் எவ்வளவு வந்தது, இன்னும் யார் தர வேண்டும். அவற்றுக்கு விடை தராத தாள்களை எல்லாம் நீக்கி, அமைப்பு, பதிவு, சுருக்கம், உதவி என நான்கை மட்டும் வைத்துக்கொண்டேன். நிரப்ப வேண்டிய கலங்களுக்கு வெளிர்மஞ்சள் நிறம் கொடுத்தேன். சூத்திரம் உள்ள கலங்களை முழுவதுமாகப் பூட்ட நினைத்தேன்; ஆனால் பிரதி எடுத்தவரே அந்தப் பிரதியின் உரிமையாளர் என்பதால் அவரை எந்தப் பூட்டும் தடுக்காது. ஆகவே, திருத்த முயன்றால் எச்சரிக்கை மட்டும் காட்டும் பாதுகாப்பை வைத்தேன்.

கோப்பை வாங்குபவரிடம் சேர்ப்பதில் முதல் தவறு நிகழ்ந்தது. பணம் செலுத்தியவர் தரவிறக்கும் பிடிஎஃப் ஒன்றில் டெம்ப்ளேட்டின் இணைப்பைத் தருவதுதான் இந்த விற்பனையில் வழக்கம். நான் உலாவியில் இருந்த முகவரியை அப்படியே ஒட்டிவிட்டேன். திறந்தவர்களுக்குக் கோப்பு தெரிந்தது, ஆனால் எதையும் எழுத முடியவில்லை. அதனால் திருத்த அனுமதி கேட்டு எனக்குக் கோரிக்கைகள் வரத் தொடங்கின. அந்த அனுமதியை ஒருவருக்குக் கொடுத்திருந்தால்கூட, அவருடைய வருமானக் கணக்கு என் மூலக்கோப்பில் பதிவாகி, அடுத்து வாங்குபவரின் கண்ணில் பட்டிருக்கும். தீர்வு எளிது. கோப்பின் பகிர்வை, இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்ற நிலையில் வைத்து, முகவரியின் இறுதியில் `/edit` என்று தொடங்கும் பகுதியை நீக்கிவிட்டு `/copy` என்று எழுத வேண்டும்.

```
https://docs.google.com/spreadsheets/d/FILE_ID/copy
```

இப்போது இணைப்பைத் திறந்ததும் பிரதி எடுக்கும் பொத்தான் மட்டுமே தோன்றும். அலுவலகக் கணக்கில் நுழைந்திருப்பவர்களுக்கு மட்டும், அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டால், சில சமயம் இது வேலை செய்வதில்லை. தனிப்பட்ட கணக்கில் திறக்கச் சொன்னால் சரியாகிவிடுகிறது.

விற்பனைப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் விற்கும் இணையச் சந்தையான எட்ஸியில் ஒரு பொருளுக்கு 13 குறிச்சொற்கள் வைக்கலாம், ஒவ்வொன்றும் 20 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். முதலில் அவற்றை என் பெருமைக்கு ஏற்றபடி நிரப்பினேன்; பின்னர் தேடுபவர் தட்டச்சு செய்யக்கூடிய சாதாரணச் சொற்களாக மாற்றினேன். விளக்கத்தின் முதல் இரண்டு வரிகளில், இது கூகுள் ஷீட்ஸுக்கானது என்பதையும், வங்கிக் கணக்கோடு தானாக இணையாது என்பதையும் எழுதினேன். பொருள் எதைச் செய்யாது என்று முன்னரே சொல்வது விற்பனையைக் குறைக்கும் என்று தயங்கினேன். ஆனால் அதைச் சொல்லாமல் விற்றால், அதே செய்தியை ஏமாற்றமடைந்த ஒருவருக்குத் தனியாக எழுத வேண்டியிருக்கும். அது இருவருக்குமே வருத்தம்.

எனக்கு அதிகம் கற்றுத்தந்தது, வாங்கிய ஒருவரிடமிருந்து வந்த புகார்தான். பிப்ரவரியில் 400, 250, 350 என மூன்று தொகைகள் வந்ததாகப் பதிந்திருந்தார். மொத்தம் 1000 வர வேண்டும். சுருக்கத் தாளோ பிப்ரவரிக்கு 0 என்று காட்டியது. சூத்திரம் இதுதான்:

```
=SUMIFS(Entry!D:D, Entry!A:A, ">="&B1, Entry!A:A, "<"&EDATE(B1,1))
```

Entry என்பது பதிவுத் தாள்; அதன் A நெடுவரிசையில் தேதியும் D-இல் தொகையும், சுருக்கத் தாளின் B1-இல் மாதத்தின் முதல் நாளும் இருக்கும். என் கோப்பில் இது பிழையின்றி இயங்கியதால், அவர் எதையோ அழித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பு தவறு. அவர் அனுப்பிய திரைப்பிடிப்பில் 05/02/2025 என்ற தேதி கலத்தின் வலப்புறமும், 13/02/2025, 27/02/2025 ஆகியவை இடப்புறமும் ஒட்டி நின்றன. தேதியாக ஏற்கப்பட்டது வலப்புறம் நிற்கும். வெறும் எழுத்தாகக் கொள்ளப்பட்டது இடப்புறம் நிற்கும். என் மூலக்கோப்பின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்தது. பிரதி எடுக்கும்போது அந்த அமைப்பும் உடன் செல்கிறது. அங்கே மாதம் முதலில் வருவதால், 13-ஆம் மாதமோ 27-ஆம் மாதமோ இல்லையென்று அந்த இரண்டும் எழுத்தாகிவிட்டன. முதல் தேதி மே 2 ஆக மாறியிருந்தது. மே மாதத்தைப் பார்க்கச் சொன்னேன். அங்கே 400 இருந்தது.

File > Settings > Locale என்ற இடத்தில் நாட்டை மாற்றினால் போதும் என்று பதில் எழுதினேன்; அது பாதி விடைதான் என்பது பிறகே புரிந்தது. அந்த மாற்றம் அதற்குப் பின் தட்டச்சு செய்பவற்றுக்கே பொருந்தும். எழுத்தாகிப் போனவை எழுத்தாகவே இருக்கும், மே 2 மே 2 ஆகவே நீடிக்கும். மூன்று தேதிகளையும் அவர் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. அவருக்கு மூன்று வரிகள். ஓராண்டுக் கணக்கை நிரப்பிய ஒருவருக்கு இது நேர்ந்திருந்தால் எவ்வளவு உழைப்பு வீணாகியிருக்கும் என்பது என்னை வெகுவாக உறுத்தியது.

அதன் பிறகு அமைப்புத் தாளின் தொடக்கத்திலேயே, B4-இல், ஒரு சோதனைக் கலத்தை வைத்தேன். பிப்ரவரி 5-ஐ நீங்கள் வழக்கமாக எழுதும் முறையில் எண்களால் எழுதுங்கள் என்று அங்கே கேட்கிறேன். பக்கத்துக் கலம் அதைச் சரிபார்க்கும்.

```
=IF(ISNUMBER(B4), IF(MONTH(B4)=2,"OK","CHANGE LOCALE"), "CHANGE LOCALE")
```

பதிவுத் தாளின் தேதி நெடுவரிசையில், செல்லாத தேதியை ஏற்க மறுக்கும் தரவுச் சரிபார்ப்பையும் சேர்த்தேன். கூடவே, மாதம் பெயராகத் தெரியும்படி வடிவத்தை மாற்றியதால், இடம் மாறிய தேதி எழுதிய உடனே கண்ணில் படுகிறது. வேறு கோப்பிலிருந்து கலங்களை ஒட்டினால் இந்தச் சரிபார்ப்பு அழிந்துவிடலாம். மதிப்பை மட்டும் ஒட்டும் Ctrl+Shift+V பற்றி உதவித் தாளில் எழுதியிருக்கிறேன்.

இந்தத் திருத்தம் ஏற்கெனவே வாங்கியவர்களின் பிரதிகளுக்குத் தானாகச் சென்று சேராது. அவர்களுக்குத் தனித்தனியே செய்தி அனுப்பி, புதிய பிரதி எடுத்துத் தரவை மதிப்பாக ஒட்டும்படி சொன்னேன். யாரிடம் எது உள்ளது என்று அறிய, உதவித் தாளின் மூலையில் பதிப்பு எண்ணைப் போட்டேன். இதற்கிடையே, விற்பனைக் கோப்பிலேயே நான் திருத்தம் செய்துகொண்டிருந்த நேரத்தில் ஒருவர் பிரதி எடுக்க, அவருக்குப் பாதி மாறிய கோப்பு போய்விட்டது. அன்றிலிருந்து திருத்துவது ஒரு கோப்பில், விற்பது வேறொரு கோப்பில்.

இப்போது புகார் வந்தால் மூன்றைக் கேட்கிறேன்: பதிப்பு எண், பிழை தெரியும் திரைப்பிடிப்பு, அந்தக் கலத்தைச் சொடுக்கும்போது மேலே தெரியும் சூத்திரம். கோப்பையே பகிர விரும்புபவரிடம், இன்னொரு பிரதி எடுத்து அதில் வாடிக்கையாளர் பெயர்களை அழித்த பிறகே அனுப்பச் சொல்கிறேன். எக்செல் பதிப்பு வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் இல்லை என்றே பதில் எழுதுகிறேன். நிலுவைப் பட்டியலை QUERY சூத்திரத்தால் அமைத்திருக்கிறேன்; அந்தச் சூத்திரம் எக்செலில் இல்லாததால், அந்தத் தாளை முதலிலிருந்து வேறு வழியில் கட்ட வேண்டும்.