கடனில் பாதி நான், பத்திரத்தில்?

2024இல் நாங்கள் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை 60 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். வீட்டுக் கடனில் கோ-அப்ளிகண்டாக, அதாவது இணை விண்ணப்பதாரராக, நான் சேர்ந்த கதைதான் இது. கணவர், மனைவி, அண்ணன், தம்பி என்று சேர்ந்து கடன் வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்தால் உதவும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில், நான் ஏன் சேர வேண்டியிருந்தது என்ற கணக்கு. கணவருக்குக் கையில் வரும் சம்பளம் 55,000. வண்டிக் கடனுக்கு மாதம் 5,000 போகிறது. எங்கள் வங்கி, எல்லாத் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று பார்க்கிறது. அப்படியானால் வீட்டுக் கடனுக்கு அவரால் காட்ட முடிந்த தவணை 22,500. எட்டரை சதவீத வட்டியில், 20 வருடத்துக்கு, ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய் வரும். ஆக, அவர் பெயரில் மட்டும் கேட்டால் 26 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். எங்களுக்குத் தேவை 48 லட்சம். என் சம்பளம் 45,000, எனக்கு வேறு கடன் இல்லை. என் பங்குக்கும் அதே 22,500 சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து 51 லட்சத்தைத் தாண்டியதும் விண்ணப்பம் நகர்ந்தது.

இந்தக் கணக்கை நான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கடன் தகுதியில் சரிபாதி என் சம்பளத்தால் வருகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் கிரைய ஒப்பந்தம் கணவர் பெயரில் மட்டும் போடப்பட்டிருந்தது. அட்வான்ஸ் கொடுத்த அன்று நான் ஊரில் இல்லை. தரகர் கொண்டுவந்த தாளில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கடனுக்கு ஒப்புதல் தரும் வங்கியின் சாங்ஷன் லெட்டரும் அந்த ஒப்பந்தத்தைப் பார்த்தே தயாரானது. அதில் என் பெயர் கடன் வாங்குபவர்கள் வரிசையில் இருந்தது, சொத்து உரிமையாளர் என்ற இடத்தில் இல்லை. அதிகாரியிடம் கேட்டேன்.

"மேடம், பத்திரத்துல பேர் இருக்கிற எல்லாரும் கடன்ல சேரணும், அது கட்டாயம். கடன்ல சேர்ற எல்லாரும் பத்திரத்துல இருக்கணும்னு இல்ல. உங்களை வருமானத்துக்காகத்தான் சேர்த்திருக்கோம்" என்றார்.

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். கோ-அப்ளிகண்ட் ஆனால் வீட்டில் பங்கு தானாக வந்துவிடாது. பங்கு கிரையப் பத்திரத்திலிருந்துதான் வரும். கடன் ஒப்பந்தத்திலோ நிலைமை வேறு. "கூட்டாகவும் தனித்தனியாகவும்" பொறுப்பு என்று அதில் ஒரு வரி இருக்கும். பாதிப் பணத்துக்கு நான், பாதிப் பணத்துக்கு அவர் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அவர் கட்டாவிட்டால் 48 லட்சத்தையும் வட்டியோடு என் ஒருத்தியிடமே வங்கி கேட்கலாம். உரிமை பூஜ்யம், பொறுப்பு முழுசு என்ற நிலையில் ஒரு மனைவியோ தம்பியோ கையெழுத்துப் போட முடியும், தினமும் போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

அன்று இரவு கணவரிடம் பேசினேன். "என் பேரும் பத்திரத்துல வரணும், பாதிப் பங்குன்னு எழுதியே வரணும்" என்றேன். "நமக்குள்ள என்ன பங்கு?" என்று முதலில் கேட்டார். தாளைக் காட்டியதும் சரி என்றுவிட்டார். மறுப்பதற்கு அவரிடம் காரணம் ஏதும் இல்லை. யாரும் அதுவரை அவரிடம் இப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மாற்றுவதில் அலைச்சல் இருந்தது. விற்பவரிடம் பேசி, இருவர் பெயரிலும் ஒப்பந்தத்தைப் புதிதாகப் போட்டோம். வங்கி வழக்கறிஞர் அதைப் பார்த்து லீகல் ஒப்பீனியனைத் திருத்திக் கொடுத்தார். அதன் பிறகு சாங்ஷன் லெட்டரும் மாறியது. பத்திரம் பதிவாவதற்கு முன்னால் என்பதால் இது வெறும் தாள் வேலையாக முடிந்தது. பதிவுக்குப் பிறகு என்றால், கணவர் வீட்டில் பாதியை எனக்குத் தான செட்டில்மெண்ட் எழுதித் தர வேண்டும். அதற்குத் தனி முத்திரைத் தீர்வை, தனிப் பதிவுக் கட்டணம் உண்டு. அதற்குள் அசல் பத்திரம் வங்கியில் இருக்கும், வங்கியின் சம்மதமும் வேண்டும்.

பங்கை எழுதாமல் இரண்டு பெயர்களை மட்டும் போட்டால் போதாதா என்று பத்திர எழுத்தர் கேட்டார். சொத்து மாற்றுச் சட்டத்தின் 45வது பிரிவு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அவரவர் போட்ட பணத்துக்கு ஆதாரம் இருந்தால் அந்த விகிதத்தில் பங்கு, ஆதாரம் இல்லையென்றால் சமப் பங்கு என்று கொள்ளப்படும். பிரச்சினை இல்லாத வரை இது போதும். பிரச்சினை வந்தால், பத்து வருடத்துப் பாஸ்புக்குகளை எடுத்துவைத்துக்கொண்டு யார் எவ்வளவு போட்டார்கள் என்று நிரூபிக்க வேண்டிவரும். நாங்கள் முன்பணம் 12 லட்சமும், முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 5.4 லட்சமும் கையிலிருந்து போட்டோம். அதில் என்னுடையது கொஞ்சம் அதிகம், அவருடையது கொஞ்சம் குறைவு. தவணையில் ஏதோ ஒரு வருடம் இது தலைகீழாகும். நான் மகப்பேறு விடுப்பில் இருந்தால் அவர்தான் கட்டுவார். மாதா மாதம் ஏறி இறங்கும் கணக்கைப் பத்திரம் பின்தொடராது. அதனால் ஆளுக்குப் பாதி என்று எழுதிவிட்டோம்.

பாதி என்று எழுதியதால் இன்னொரு வேலையும் வந்தது. வீட்டின் விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் விற்பவருக்குத் தரும் பணத்தில் ஒரு சதவீதத்தை டிடிஎஸ் என்ற வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். எங்களுக்கு அது 60,000. ஒரே படிவத்தில் கட்டிவிடலாம் என்றார் தரகர். அப்படிச் செய்யக் கூடாது. வாங்குபவர் இரண்டு பேர் என்றால், இந்த வரிக்கு அப்போதிருந்த 26QB படிவமும் இரண்டு. நாங்கள் ஆளுக்கு 30,000 கட்டினோம்.

தவணை 41,655. கணவரின் சம்பளக் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்ளட்டும் என்று வங்கி சொன்னது. அதை ஏற்காமல், இருவர் பெயரிலும் ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு திறந்தோம். மாதம் 2ஆம் தேதி ஆளுக்கு 21,000 தானாக அதில் போய்ச் சேரும், 5ஆம் தேதி தவணை பிடிக்கப்படும். அதில் வேறு வரவு செலவு கிடையாது. யார் கட்டினார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கின் ஸ்டேட்மெண்டே பதில்.

வரி விஷயத்திலும் இது தேவைப்பட்டது. முதல் வருட வட்டி மட்டும் சுமார் 4 லட்சம். நாமே குடியிருக்கும் வீடு என்றால், பழைய வரிமுறையில் ஒருவர் அதிகபட்சம் 2 லட்சம் வட்டிக்குக் கழிவு கேட்கலாம். வீடு அவர் பெயரில் மட்டும் இருந்திருந்தால் மீதி 2 லட்சம் வீணாகியிருக்கும். கழிவு கேட்கிறவர் உரிமையாளராகவும் இருக்க வேண்டும், கடனாளியாகவும் இருக்க வேண்டும், பணமும் கட்டியிருக்க வேண்டும். பத்திரத்தில் பெயர் இல்லாத கோ-அப்ளிகண்ட் தவணை முழுவதையும் கட்டினாலும் கழிவு கிடையாது. புதிய வரிமுறைக்குப் போய்விட்டவர்களுக்குக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே இல்லை என்பதால், இந்த ஒரு காரணத்துக்காக யாரையும் கடனில் சேர்க்காதீர்கள்.

ஒரு மாதம் கணவருக்குச் சம்பளம் தாமதமாகி, அவருடைய 21,000 வந்து சேரவில்லை. தவணை திரும்பிவிட்டது. வங்கியின் குறுஞ்செய்தி என் போனுக்கும் வந்தது. உடனே அபராதத்தோடு கட்டிவிட்டோம். இழுத்தடித்திருந்தால் என் பங்கை நான் சரியாகப் போட்டிருந்தும் என் சிபிலிலும், அதாவது கடன் வரலாற்றிலும், தாமதம் ஏறியிருக்கும். இப்போது அந்தக் கணக்கில் ஒரு மாதத் தவணையை எப்போதும் கூடுதலாக வைத்திருக்கிறோம்.

சிபில் என்றதும் கணவருடைய சித்தப்பா மகன் நினைவுக்கு வருகிறார். அவர் தன் அண்ணனின் 30 லட்சக் கடனில் கோ-அப்ளிகண்ட். வீடு அண்ணன் பெயரில், தவணை கட்டுவதும் அண்ணன்தான். இவர் கல்யாணத்துக்குப் பிறகு தனக்கு வீடு வாங்கப் போனபோது, அந்த 26,000 ரூபாய்த் தவணை முழுவதும் இவர் தலையிலும் ஏற்றிக் கணக்கிடப்பட்டது. விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் வங்கி விடுவதில்லை. மிச்சமிருப்பவரின் வருமானம் மட்டுமே மீதிக் கடனுக்குப் போதுமா என்று புதுக் கடன்போல மறுபடி கணக்குப் பார்க்கிறார்கள். அண்ணனின் சம்பளம் போதவில்லை. அண்ணி வேலைக்குப் போகிறவர் என்பதால், அவரை உள்ளே சேர்த்து இவரை வெளியே எடுத்தார்கள். அண்ணி வேலைக்குப் போகாதவராக இருந்திருந்தால், அசலில் ஒரு பெரிய தொகையைக் கட்டிக் கடனைக் குறைத்துத்தான் இவரை விடுவித்திருக்க முடியும்.

கடைசியாகக் காப்பீடு. கடனோடு சேர்த்து வங்கி ஒரு பாலிசியை நீட்டியது. பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துவிடுவார்களாம். படித்துப் பார்த்தால் காப்பீடு கணவரின் உயிருக்கு மட்டும். எனக்கு ஏதாவது நேர்ந்தால் மொத்தக் கடனும் அவர் ஒருவர் தோளில் விழும், அவர் சம்பளத்துக்கு 26 லட்சம்கூடத் தேறாது என்று முதலிலேயே பார்த்தோம். இது கட்டாயமா என்று நேராகக் கேட்டதும் இல்லை என்றார்கள். ஆளுக்கு 50 லட்சத்துக்குத் தனித்தனி டெர்ம் பாலிசி எடுத்துக்கொண்டோம்.

அவரவர் பாதி மற்றவருக்கு என்று உயிலும் எழுதினோம். கூட்டுப் பெயரில் இருக்கிறது என்பதால் ஒருவர் போனதும் அவர் பாதி மற்றவருக்குத் தானாக வந்துவிடாது. உயில் இல்லாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவரின் பாதி எனக்கும் பிள்ளைகளுக்கும் அவர் அம்மாவுக்கும் சமமாகப் பிரியும். இதை அத்தையிடம் சொல்லாமல் செய்ய எங்களுக்கு மனமில்லை. உட்கார வைத்து விளக்கினோம். "கடன் கட்டுறவங்களுக்குத்தான் வீடு, எழுதுங்க" என்றார். அவர் காலம் உள்ளவரை இந்த வீட்டில் வசிக்கும் உரிமை உண்டு என்று இருவர் உயிலிலும் ஒரு வரி சேர்த்தோம்.