தரங்கம்பாடிக்கு முப்பது வினாடி

எங்கள் ஊர் தரங்கம்பாடியின் வரலாற்றை பாட்காஸ்டாகக் கொண்டுவருவது என்று முடிவானதும் முதலில் தேவைப்பட்டது முப்பது வினாடி டிரெய்லர். முழு எபிசோடு எழுதுவதைவிட அதுதான் அதிகம் வேலை வாங்கியது.

முப்பது வினாடிக்கு எழுபத்தைந்து சொல் என்று இணையத்தில் ஒரு கணக்கு சொல்வார்கள். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் ஒரு சொல்லிலேயே வேற்றுமை உருபு, காலம், இடம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். எழுபத்தைந்து சொல் எழுதி வாசித்தால் நாற்பது வினாடியைத் தாண்டுகிறது. குரல் கொடுத்த அக்கா முதல் வாசிப்பிலேயே, "தம்பி, மூச்சு விட இடம் வை" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நிதானமாகப் பேசினால் வினாடிக்கு இரண்டு சொல்லுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வருகிறது. கடல் சத்தத்துக்கும் இடைவெளிக்கும் ஐந்தாறு வினாடி போனால் மிஞ்சுவது நாற்பத்து சொச்சம் சொல்.

முதல் வெட்டு ஆண்டுகளுக்கு. தாளில் 1620 என்பது நான்கு இலக்கம். வாயில் "ஆயிரத்து அறுநூற்று இருபதாம் ஆண்டு". அதற்கே இரண்டு வினாடிக்கு மேல் ஆகிறது. டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டத் தொடங்கிய 1620, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கிய 1706, ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போன 1845 என மூன்றையும் வைத்தால் டிரெய்லரில் கால்வாசி அதிலேயே தீர்ந்துவிடும். மூன்றையும் எடுத்துவிட்டோம். கேட்பவருக்கு இந்த நேரத்தில் ஆண்டு தேவையில்லை, அது எபிசோடுக்கு.

அடுத்தது அச்சுக்கூடம். "தமிழின் முதல் அச்சகம் நம்ம ஊர்ல" என்று ஒரு நண்பர் எழுதிக் கொடுத்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. கொல்லத்தில் 1578-லேயே 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. எபிசோடாக இருந்தால் இழுத்துப் பேசி விளக்கலாம். டிரெய்லரில் "ஆனால்" என்று தொடங்கக்கூட நேரமில்லை. அதனால் ஒவ்வொரு வாக்கியமும் துணைக்கு இன்னொன்று இல்லாமலே சரியாக இருக்க வேண்டும். புதிய ஏற்பாடு முதன்முதலாகத் தமிழில் அச்சானது இங்கேதான், 1714-15இல். அதற்கு அடிக்குறிப்பு வேண்டாம்.

தொடக்கத்துக்குத்தான் ரொம்ப அலைந்தோம். கோட்டையில் தொடங்கினால் சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி ஆகிறது. கடைசியில் 1845 கைகொடுத்தது. வியாபாரம் படுத்துப்போய் டென்மார்க் அரசு ஊரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்ற ஆண்டு அது. விற்பனை என்ற செய்தியே காதைத் திருப்பிவிடும். பதிவானது இது:

(அலை, இரண்டு வினாடி)
நம்ம ஊரை ஒருதடவை வித்துட்டாங்க.
வித்தது டென்மார்க் ராஜா. வாங்கினது இங்கிலீஷ் கம்பெனி.
எதுக்கு வித்தாங்க? அதுக்கு முன்னாடி, எதுக்கு இங்க வந்தாங்க?
(அலை ஒருதடவை அறைகிறது)
தஞ்சாவூர் நாயக்கர் குடுத்த இடத்துல கோட்டை.
புதிய ஏற்பாடு முதன்முதலாத் தமிழ்ல அச்சான அச்சுக்கூடம்.
கடல் தின்னது போக மிச்சமிருக்கிற பாண்டியர் காலத்துக் கோயில்.
தரங்கம்பாடியோட கதை, ஊர்க்காரங்க வாயால.
(நிகழ்ச்சியின் பெயர்.) வாராவாரம் வெள்ளிக்கிழமை.

பெயரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கேட்டு முடித்த கையோடு தேடுபவருக்கு அது நாக்கில் இருக்க வேண்டும்.

அந்த அலைச் சத்தம் தனிக் கதை. மணலில் நின்று பதிவுசெய்தால், போன் ஸ்பீக்கரில் அது அலையாகவே கேட்பதில்லை. சின்ன ஸ்பீக்கர் கனமான சத்தத்தை விட்டுவிடும். மிஞ்சும் 'உஸ்' என்ற இரைச்சல் ரேடியோ சரியாகப் பிடிக்காத மாதிரி இருக்கும். மாசிலாமணிநாதர் கோயில் முன்னால் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளுக்கு நடுவே மைக்கை இறக்கியபோதுதான் சரியானது. இடுக்கில் தண்ணீர் 'தளக்' என்று அறைந்து வடிகிறது. ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்கிறது. காற்றுக்கு மைக்கில் பஞ்சுறை மட்டும் போதாது, அதன்மேல் முடியுறை ஒன்றும் மாட்ட வேண்டியிருந்தது. வெட்டி ஒட்டியபின் ஹெட்போனில் கேட்டு மயங்காமல், சமையலறையில் மிக்ஸி ஓடும்போது போனை மேஜையில் வைத்து ஓடவிட்டோம். "வித்துட்டாங்க" தெளிவாக விழுந்தது. "அச்சான" அமுங்கியது, அந்த வரியை மட்டும் அக்கா மறுபடி வாசித்தார்.

டிரெய்லரை ஏற்றும்போது, எபிசோடுகளைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் ஆர்.எஸ்.எஸ். ஓடையில் இதைச் சாதாரண எபிசோடாக விடாமல் இப்படிக் குறிக்க வேண்டும்:

```
<itunes:episodeType>trailer</itunes:episodeType>
```

பெரும்பாலான ஹோஸ்டிங் தளங்களில் இதற்கு ஒரு தேர்வுப் பெட்டியே இருக்கிறது. முதல் எபிசோடு தயாராகும் முன்பே டிரெய்லரை ஏற்றி நிகழ்ச்சியைச் செயலிகளில் பதிவுசெய்துவிட்டோம். ஒப்புதலுக்கு நாளாகலாம் என்பதால், வெள்ளிக்கிழமை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு அந்த வேலையை நிறுத்திவைக்க முடியாது.