செய்திமடல் ஸ்கிரீன்ஷொட்டுகளைப் போனில் வைத்து ஒப்பிட்டபோது

வெள்ளவத்தையில் எங்கள் கலாமன்றம் மாதந்தோறும் மின்னஞ்சலில் அனுப்பும் செய்திமடலுக்கு மூன்று வடிவங்கள் தயாராக இருந்தன. போனில் எதை மேலோட்டமாகப் பார்த்தாலே விஷயம் பிடிபடுகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

மூன்றிலும் ஒரே உள்ளடக்கத்தைப் போட்டு, ஒரே போனில், ஒரே எழுத்தளவில் ஸ்கிரீன்ஷொட் எடுத்தேன். நீளமான ஒற்றைப் படமாக எடுக்கவில்லை. அதை மடிக்கணினியில் திறந்தால் மடல் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். போனில் படிப்பவருக்கு அப்படித் தெரிவதில்லையே. அதனால் ஒவ்வொரு திரையையும் தனிப் படமாக எடுத்தேன். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பினேன். சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு எழுத்து மங்கும், பிறகு மங்கலுக்கு வடிவமைப்பு பழி சுமக்கும்.

முதல் வடிவம் உடனே விழுந்தது. 600 பிக்சல் அகலத்தில் அருகருகே இரண்டு பத்தி. 360 அகலத் திரையில் அடங்க முழு மடலும் சுருங்க, 14 பிக்சல் எழுத்து 8.4 ஆகிவிட்டது. அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளியே தெரியவில்லை. கி எது, கீ எது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது ஒற்றைப் பத்திதான், ஆனால் பதாகைப் படம் முதல் திரையை முழுதாக விழுங்கியிருந்தது. வரிகளும் நடுவில் நின்றதால், ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் கண் தேட வேண்டியிருந்தது. மூன்றாவது இடப்பக்கம் சீராக, தடித்த தலைப்புகளோடு இருந்தது.

அதுதான் வெல்லும் என்று நினைத்தேன். மன்றத்து அன்ரி ஒருவரிடம் அதன் படங்களை ஐந்து விநாடி மட்டும் காட்டி, வீணை வகுப்பு எப்போது என்று கேட்டேன். “தம்பி, எல்லாம் ‘எமது மன்றத்தின்’ எண்டுதான் தொடங்குது. எது வீணை, எது நாடகம் எண்டு எப்படித் தெரியும்?” என்றார்.

உண்மைதான். “எமது மன்றத்தின் ஏற்பாட்டில் நடைபெறவுள்ள வீணை வகுப்பு” என்று எழுதினால், தமிழில் அடைமொழிகள் எல்லாம் முன்னே வர, தேடும் சொல் கடைசியில் நிற்கிறது. அச்சில் அகலமான வரி என்பதால் அது உறுத்துவதில்லை. போனில் அதே தலைப்பு மூன்று வரியாக உடைய, ‘வீணை’ மூன்றாவது வரிக்குப் போய்விட்டது. மேலோட்டமாகப் பார்ப்பவரின் கண் இடப்பக்க ஓரத்தைத்தான் பிடித்துக்கொண்டு இறங்கும். அங்கே எல்லாத் தலைப்பும் ஒரே முகம்.

தலைப்புகளைத் திருப்பிப் போட்டேன்: “வீணை வகுப்பு: சனி காலை 9 மணி”. புதிய படங்களை மடலை முன்பு பார்க்காத வேறு சிலரிடம் காட்டினேன், ஏனென்றால் அன்ரிக்கு இப்போது விடை தெரியும். பெரும்பாலானோர் நேரத்தையும் சேர்த்தே சொன்னார்கள். அதே தலைப்புகளை இரண்டாவது வடிவத்திலும் போட்டுப் பார்த்தேன். பதாகை அங்கே இன்னும் முதல் திரையை அடைத்துக்கொண்டுதான் நின்றது.

தலைவருக்கு மன்றத்தின் பெயர் தலைப்புகளிலிருந்து போனது பிடிக்கவில்லை. சரி, உச்சியில் சிறிதாக ஒருமுறை போட்டுக்கொடுத்தேன். மூன்றாவது வடிவமே போகிறது.