பஃபர ஆழமாக்குனா போதும்னு சொல்றவங்களுக்கு

சீரியல் லிங்க்ல எரர்னு வந்தா எங்க டீம்ல யாராச்சும் ஒருத்தர் "எலாஸ்டிக் பஃபர் டெப்த்த டபுள் பண்ணிடலாமே"ன்னு கண்டிப்பா சொல்லுவாங்க, எனக்கு இதுல எப்பவுமே உடன்பாடு கிடையாது.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஜென் 1 எடுத்துக்கோங்க. அனுப்புற பக்கம் ஒரு கிளாக், வாங்குற பக்கம் ஒரு கிளாக், ஒவ்வொண்ணும் 300 பிபிஎம் வரைக்கும் முன்னபின்ன இருக்கலாம், ரெண்டும் எதிரெதிரா விலகுனா 600 பிபிஎம், அதாவது சுமார் 1666 சிம்பலுக்கு ஒண்ணு கூடும் இல்ல குறையும். இந்த ரெண்டு கிளாக்குக்கும் நடுவுல நிக்கிறதுதான் எலாஸ்டிக் பஃபர், அதுக்குள்ள எழுதுறது வர்ற டேட்டாலேருந்து எடுத்த கிளாக்ல, படிக்கிறது நம்ம சொந்த கிளாக்ல, அதனால பாதி நிரம்பி நிக்க வேண்டியது மெல்ல ஒரு பக்கமா சாயும். இத சரிக்கட்டத்தான் 1180லேருந்து 1538 சிம்பலுக்குள்ள ஒரு தடவ ஒரு காம், மூணு ஸ்கிப் சிம்பல் அனுப்புறாங்க. ரிசீவர் அதுல ஒரு ஸ்கிப்ப தூக்கலாம், இல்லன்னா ஒண்ணு சேத்துக்கலாம். அந்த ஸ்கிப்போட கோட் 0011110100, அஞ்சு ஒண்ணு அஞ்சு பூஜ்யம், அதனால எடுத்தாலும் சேத்தாலும் ஒண்ணு-பூஜ்யக் கணக்கான ரன்னிங் டிஸ்பேரிட்டி குலையாது (யாரு யோசிச்சாங்களோ, அழகான வேலை).

ஒரு ப்ராஜெக்ட்ல ரெண்டு போர்டு, தனித்தனி கிளாக். லிங்க் மேல வரும், உடனே ரெக்கவரிக்கு போகும், திரும்ப வரும், இப்படியே ஓடிட்டிருந்துச்சு. ஜூனியர் பையன் "சார், டெப்த் 16 தான் இருக்கு, 32 ஆக்கிப் பாக்கலாமா"ன்னான். முதல்ல ரிசீவர் நிலைய சொல்ற `RxStatus` சிக்னல பாருப்பான்னேன். 001, அதாவது ஸ்கிப் சேத்தது, விடாம வருது, 010 ஒண்ணு கூட இல்ல, நடுநடுவுல 110, அதாவது அண்டர்ஃப்ளோ. எப்பவும் ஒரே பக்கம், அப்போ அனுப்புற கிளாக் நல்லாவே மெதுவா ஓடுதுன்னு அர்த்தம்.

பாத்தா அனுப்புற போர்டுல மட்டும் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் ஆன்ல இருக்கு! அது கிளாக்க 0லேருந்து 0.5 சதவீதம் வரைக்கும் கீழ இழுக்கும், சராசரியா 2500 பிபிஎம். 1538 சிம்பலுக்கு கிட்டத்தட்ட 4 சிம்பல் காணாம போகுது, நாம திருப்பி சேக்க முடியறது 1. ஒவ்வொரு தடவையும் மூணு சிம்பல் கடன் நிக்குதுன்னா 32 என்ன, 64 வச்சாலும் காலியாகும், கொஞ்சம் லேட்டா ஆகும் அவ்ளோதான், அதுவும் மைக்ரோசெகண்ட் கணக்குல. டெப்த் உதவுறது வேற இடத்துல, பெரிய பாக்கெட் போயிட்டிருக்கும்போது ஸ்கிப்ப நடுவுல நுழைக்க முடியாதுல்ல, அது முடியற வரைக்கும் தாக்குப்பிடிக்க.

ஸ்ப்ரெட்ட அணைச்சதும் 110 நின்னுபோச்சு. அப்படி அணைக்கவே கூடாதுன்னா தனித்தனி கிளாக், தனித்தனி ஸ்ப்ரெட்டோட ஓட விடுற எஸ்ஆர்ஐஎஸ் முறைய ரெண்டு பக்கமும் சப்போர்ட் பண்ணணும், அதுல 154 சிம்பலுக்குள்ள ஒரு ஸ்கிப் செட் போகணும்.